கன்னத்தில் விழுந்த பச்சை வட்டம்: பூசி மறைக்காமல் கழித்து எடுப்பது

"காலி முகத்திடலில் சூரியன் இறங்கும் நேரத்தில் அக்காவின் திருமணப் படங்களை எடுத்தேன். நல்ல படம் ஒன்றில், லென்ஸ் பிளேரால் ஒரு பச்சை வட்டம் அவருடைய கன்னத்திலும் காதோரக் கூந்தலிலும் கூறைச் சேலையின் சரிகைக் கரையிலும் விழுந்திருக்கிறது. ஹீலிங் பிரஷ் போட்டால் கன்னம் மெழுகுபோல் ஆகிறது, முடி குழம்புகிறது, சரிகை அழிகிறது. ரா கோப்பு கையில் இருக்கிறது. முகத்தைக் கெடுக்காமல் இதை எடுக்க வழி உண்டா?"

உண்டு. முதலில் ஹீலிங் பிரஷ்ஷை ஒதுக்கி வையுங்கள். பருவோ தூசியோ விழுந்த இடத்தில் அது சரியான கருவி. அங்கே அடியில் இருந்ததை வேறொன்று மறைத்திருக்கிறது, ஆகவே பக்கத்திலிருந்து எடுத்து நிரப்பத்தான் வேண்டும். பிளேர் வட்டம் அப்படி எதையும் மறைப்பதில்லை. உங்கள் அக்காவின் கன்னத்திலிருந்து வந்த ஒளி முழுவதும் சென்சாரில் பதிந்திருக்கிறது. அதற்கு மேல் கொஞ்சம் பச்சை ஒளி கூடியிருக்கிறது, அவ்வளவுதான். கூடியதைக் கழித்தால் கன்னம் அப்படியே திரும்பக் கிடைக்கும்.

இந்த வட்டம் எப்படி வருகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் வைத்தியம் அதிலிருந்துதான் பிறக்கிறது. லென்ஸுக்குள் பல கண்ணாடித் துண்டுகள் இருக்கின்றன. பூச்சு இல்லாத கண்ணாடிப் பரப்பு தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். நல்ல பூச்சு அதை 1 சதவீதத்துக்கும் கீழே கொண்டுவரும், ஆனால் எல்லா நிறங்களுக்கும் ஒரே அளவில் குறைக்காது. ஒரு பரப்பில் பட்டுத் திரும்பிய ஒளி இன்னொரு பரப்பில் பட்டு மீண்டும் சென்சார் பக்கம் போகிறது. சாதாரண ஒளி என்றால் இரண்டு முறை பட்டுத் திரும்பியதில் ஒன்றும் மிஞ்சாது. சூரியன் என்றால் மிஞ்சும். மிஞ்சிய அந்த ஒளிதான் லென்ஸின் ஒளித் துவாரத்தின் வடிவத்தில், பூச்சு விட்டுவைத்த நிறத்தில், படத்தின் மேல் வந்து அமர்கிறது. வெட்டாத மூலப் படத்தில் சூரியனிலிருந்து நடுப்புள்ளி வழியாக ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். வட்டங்கள் பெரும்பாலும் அந்தக் கோட்டின் மேல் வரிசையாக நிற்கும். உங்கள் வட்டமும் அதில் இருந்தால், இது பிளேர்தான், பக்கத்திலிருந்த ஏதோ பச்சைத் துணியின் எதிரொளி அல்ல என்று உறுதிகொள்ளலாம்.

இனி, பலர் தடுமாறும் இடம். கூடிய ஒளி கன்னத்திலும் கூந்தலிலும் ஒன்றேதான். ஆனால் திரையில் பார்க்கும்போது கூந்தல் பச்சைப் பால் ஊற்றியதுபோல் இருக்கும், கன்னத்தில் லேசான சாயல் மட்டும் தெரியும். வெள்ளவத்தையில் நான் படங்களைத் திருத்தும் அறைக்குச் சென்ற ஆண்டு இதேபோன்ற ஒரு படம் வந்தது. அதே திடல், அதே மாலை ஒளி, மணப்பெண்ணின் காதோரத்தில் பச்சை வட்டம். அதில் நான் அளந்த எண்களைத் தருகிறேன். உங்கள் படத்தில் எண்கள் வேறாக இருக்கும், வழி ஒன்றுதான்.

சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில், வட்டத்துக்கு வெளியே கூந்தலின் நிறம் 30, 26, 24. வட்டத்துக்குள் அதே கூந்தல் 51, 80, 56. பச்சை 26 இலிருந்து 80 ஆகிவிட்டது, அதாவது 54 படிகள் ஏறியிருக்கிறது. கன்னத்தில் வெளியே 172, 124, 98. உள்ளே 176, 142, 109. இங்கே பச்சை ஏறியது 18 படிகள்தான். ஒரே வட்டம், ஓர் இடத்தில் 54, இன்னோர் இடத்தில் 18. கர்வ்ஸ் கொண்டோ பச்சையின் செறிவைக் குறைத்தோ கன்னத்தைச் சரிசெய்தால் கூந்தல் பச்சையாகவே நிற்பதும், கூந்தலைச் சரிசெய்தால் கன்னம் சிவந்து கறுப்பதும் இதனால்தான். திரையில் காணும் எண்கள் ஒளியின் அளவை நேராகச் சொல்வதில்லை. இருண்ட பகுதிகளை விரித்தும் வெளிச்சமான பகுதிகளைச் சுருக்கியும் சொல்கின்றன. திரை எண் v ஐ உண்மையான ஒளி அளவு L ஆக மாற்றும் கணக்கு இது (10 க்கு மேற்பட்ட மதிப்புகளுக்கு):

```
L = ((v / 255 + 0.055) / 1.055) ^ 2.4
```

இதில் போட்டுப் பாருங்கள். கூந்தலில் பச்சை 0.010 இலிருந்து 0.080 ஆகிறது. கன்னத்தில் 0.202 இலிருந்து 0.270 ஆகிறது. இரண்டிலும் கூடியது ஏறத்தாழ 0.07. சிவப்பில் இரு இடத்திலும் 0.02, நீலத்தில் 0.03. திரையில் மூன்று மடங்கு வேறுபட்டவை ஒளிக் கணக்கில் ஒன்றாகிவிட்டன. ஆகவே கழித்தலை இந்த உண்மையான ஒளி அளவில், அதாவது நேரியல் ஒளியில் செய்தால், ஒரே நிறத்தை வட்டம் முழுவதிலும் கழித்தாலே போதும். கூந்தலும் கன்னமும் ஒன்றாகத் திரும்பிவிடும்.

இதற்கு ரா கோப்பை எப்படித் திறக்கிறீர்கள் என்பது முக்கியம். கண்ணுக்கு அழகாகத் தெரிவதற்காக மென்பொருள் தானாகப் போடும் டோன் கர்வ் எதுவும் இருக்கக் கூடாது. ராதெரபியில் என்றால் நியூட்ரல் அமைப்பில் திறங்கள். டார்க்டேபிளில் என்றால் பில்மிக், சிக்மாய்டு போன்ற டோன் மாட்யூல்களை அணைத்துவிடுங்கள். கூர்மை, டீஹேஸ், உள்ளூர் கான்ட்ராஸ்ட், நாய்ஸ் நீக்கம் எல்லாம் பிறகுதான். வைட் பேலன்ஸும் ஓரங்களின் இருட்டைச் சரிசெய்வதும் இருக்கலாம். அவை பெருக்கல்கள் மட்டுமே, கழித்தலைக் கெடுக்காது. அவற்றைச் சரிசெய்த பிறகே அளக்க வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். படம் மங்கலாகவும் உயிரற்றும் தெரியும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம். எஸ்ஆர்ஜிபி நிறவெளியில் 16 பிட் டிஃப் கோப்பாக வெளியே எடுத்து, கிம்ப்பில் திறந்து, 32 பிட் மிதவைப் புள்ளி நிலைக்கு மாற்றுங்கள்.

அளப்பதற்கு ஒரே பொருளின் இரண்டு புள்ளிகள் வேண்டும்: வட்டத்தின் விளிம்புக்குச் சற்று உள்ளே ஒன்று, சற்று வெளியே ஒன்று. ஒற்றைப் பிக்சலை நம்பாதீர்கள். பத்துப் பதினைந்து பிக்சல் அகலத்துக்குச் சராசரி எடுங்கள். இருண்ட இடம்தான் அளக்க மிகவும் நல்லது. அங்கே சொந்த ஒளி குறைவு, கூடிய ஒளி தனியாக நிற்கும். கூந்தல் உங்களுக்கு வாய்த்திருக்கிறது. பிறகு கன்னத்திலும் சேலையிலும் ஒவ்வொரு சோடி எடுத்து ஒப்பிடுங்கள்.

இந்த ஒப்பீட்டைத் தவிர்த்துவிடாதீர்கள், உங்கள் வேலை சரியான பாதையில் போகிறதா என்பதை அதுதான் சொல்லும். மூன்று சோடிகளிலும் கூடிய ஒளி ஏறக்குறைய ஒன்றாக வந்தால் வட்டம் சீரானது. வெளிச்சமான பொருளில் ஒன்றும் இருண்ட பொருளில் வேறொன்றும் வந்தால், டோன் கர்வ் எங்கோ இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. திரும்பிப் போய் அதை அணையுங்கள். பொருளைப் பொறுத்து மாறாமல் இடத்தைப் பொறுத்து மாறினால், வட்டமே ஒரு பக்கம் அடர்ந்தும் மறுபக்கம் மெலிந்தும் இருக்கிறது என்று பொருள். என்னிடம் வந்த படத்தில் இந்தக் கடைசி நிலைதான். காதோரத்தில் பச்சை 0.07, தோள் பக்கத்தில் 0.056. மூன்று நிறங்களும் ஒரே விகிதத்தில், ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தன.

இப்போது கழித்தல். புதிய லேயர் ஒன்றைக் கறுப்பால் நிரப்புங்கள். கறுப்பு என்றால் பூச்சியம், அதைக் கழித்தால் படத்தில் எதுவும் மாறாது. அந்த லேயரின் அமைப்பு இப்படி இருக்க வேண்டும்:

```
Mode: Subtract
Blend Space: RGB (linear)
```

இரண்டாவது வரி லேயரின் மேல் வலது சொடுக்கினால் வரும் பட்டியலில் இருக்கிறது. அது நேரியல் அல்லாத நிலையில் இருந்தால் மேலே செய்த கணக்கு முழுவதும் வீண். போட்டோஷாப்பில் செய்பவர்கள் படத்தை 32 பிட்டுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்; 16 பிட்டில் அங்கே கழித்தல் திரை எண்களின் மேல்தான் நடக்கும். டார்க்டேபிளை விட்டு வெளியே வர விரும்பாதவர்கள் கலர் பேலன்ஸ் ஆர்ஜிபி மாட்யூலில் உள்ள global offset ஐ, வட்டத்தின் மேல் வரைந்த மாஸ்க்குடன் எதிர்த் திசையில் நகர்த்தலாம். அதுவும் நேரியல் ஒளியில் நடக்கும் கழித்தல்தான். ஆனால் விளிம்பை நுணுக்கமாகப் பொருத்துவதற்கு லேயர் முறையே கைக்கு வசதி.

லேயரில் பூச வேண்டிய நிறம், அளந்த 0.02, 0.07, 0.03 ஆகியவற்றைத் திரை எண்ணுக்குத் திருப்பினால் கிடைக்கும் 39, 75, 48. இருண்ட, மங்கிய பச்சை. வட்டத்தின் வடிவத்தில் தேர்வு செய்து இதை நிரப்புங்கள். என் படத்தில் காதோரத்தில் இந்த நிறமும் தோள் பக்கத்தில் 34, 67, 43 என்ற நிறமும் வரும்படி சரிவாக நிரப்பினேன். நிரப்பிய கணத்திலேயே கூந்தல் கறுப்பாகத் திரும்புவதையும், கன்னத்தின் பூனைமுடியும் நுண்துளைகளும் அப்படியே இருப்பதையும் பார்ப்பீர்கள். எதையும் எங்கிருந்தும் கொண்டுவந்து ஒட்டவில்லை. எல்லாம் அங்கேயே இருந்தவை.

விளிம்புதான் நேரம் தின்னும் பகுதி. கழித்த பிறகு வட்டம் மறைந்தாலும் மெல்லிய வளையம் ஒன்று மிஞ்சும். அதை வெறும் கறையாகப் பார்க்காமல் குறிப்பாகப் படியுங்கள். வளையம் இருண்டு, இளஞ்சிவப்பு ஓடினால் உங்கள் வடிவம் பிளேரைத் தாண்டி வெளியே போயிருக்கிறது. வளையம் பச்சையாக மிஞ்சினால் வடிவம் சிறியது. ஒரு பக்கம் பச்சை, எதிர்ப் பக்கம் இளஞ்சிவப்பு என்றால் வடிவம் சரி, இடம் நகர்ந்திருக்கிறது. சுற்றிலும் பச்சையும் இளஞ்சிவப்பும் இரட்டைக் கோடாக வந்தால் விளிம்பின் மென்மை பொருந்தவில்லை. துவாரத்தை நன்றாகச் சுருக்கி எடுத்த படத்தில் பிளேரின் விளிம்பு கூர்மையாகவும், விரித்து எடுத்ததில் மென்மையாகவும் இருப்பது வழக்கம். இரண்டு மூன்று பிக்சல் மென்மையில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். துவாரத்தின் இதழ்கள் காரணமாக வட்டம் உண்மையில் ஏழு அல்லது ஒன்பது பக்கமுள்ள உருவாகவும் இருக்கலாம். நீள்வட்டத் தேர்வு பொருந்தாமல் அடம்பிடித்தால் மூலைகளைத் தேடிப் பாருங்கள். சில பிளேர்களில் விளிம்பே உட்பகுதியைவிடப் பிரகாசமாக இருக்கும். அதற்கு, இதே அமைப்பில் இரண்டாவது லேயர் ஒன்றில், மெல்லிய பிரஷ்ஷால், அந்த வளையத்தை மட்டும் இன்னும் கொஞ்சம் கழிக்க வேண்டும்.

விளிம்பைப் பார்ப்பதற்கு எல்லாவற்றுக்கும் மேலே ஒரு தற்காலிகச் சோதனை லேயர் வைத்துக்கொள்வேன்: செறிவையும் கான்ட்ராஸ்ட்டையும் கண் கூசும் அளவுக்கு ஏற்றிய ஒரு நகல். சாதாரணப் பார்வையில் தெரியாத மிச்சம் அதில் உடனே தெரியும். பச்சைச் சானலை மட்டும் தனியாகக் கறுப்பு வெள்ளையில் பார்ப்பதும் நல்லது, பிளேர் அதிகம் அமர்ந்திருப்பது அங்கேதான்.

அடுத்தது சரிகை. இது தனி வழக்கு. மாலை வெயிலில் சரிகையின் சில இழைகள் சென்சாரின் உச்ச அளவை முட்டியிருக்கும். முட்டிய பிக்சலில் பிளேர் கூடியிருந்தாலும் எண் உச்சத்திலேயே நின்றிருக்கும், ஏறுவதற்கு இடமில்லை. ஏறாத ஒன்றிலிருந்து நாம் 0.07 பச்சையைக் கழித்தால் அது இல்லாத நிறத்தைப் பெறும். ஆகவே கழித்த பிறகு சரிகையின் மின்னல் புள்ளிகள் இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் அளவில் தவறில்லை. அந்தப் புள்ளிகளில் கழித்ததுதான் தவறு. மூலப் படத்தின் நகலில் திரெஷோல்டு போட்டு உச்சத்தை முட்டிய பிக்சல்களை மட்டும் பிரித்தெடுத்து, கழித்தல் லேயருக்கு ஒரு மாஸ்க் வைத்து, அந்தப் பிக்சல்களை அதில் கறுப்பாக்கிவிடுங்கள். ஒரு பிக்சல் அளவு மென்மை போதும். மின்னல் தங்க வெள்ளையாகத் திரும்பும், இழைகளுக்கு நடுவேயுள்ள சிவப்புப் பட்டு சரியான நிறத்துக்கு வரும். சரிகை ஒவ்வொரு இழையாக நிற்பதைப் பார்க்கும்போது, இதைக் குளோன் செய்து நகர்த்தியிருந்தால் நெசவின் வரிசை எப்படி முறிந்திருக்கும் என்று தெரியும்.

இப்போதுதான் ஹீலிங் பிரஷ்ஷுக்கு வேலை வருகிறது, அதுவும் மிகச் சிறியதாக. வட்டத்தின் நடுவில் சூரியனின் கூரிய பிம்பம்போல் ஒரு வெள்ளைப் பொட்டு இருந்து, மூன்று சானல்களும் முட்டியிருந்தால் அங்கே தகவல் இல்லை. கழித்தலால் அதை உண்டாக்க முடியாது. அந்தப் பொட்டை மட்டும் நிரப்ப வேண்டும். நிரப்புவதற்கு முதலில் அதே நிமிடத்தில் எடுத்த வேறு படங்களைத் தேடுங்கள். கேமரா சற்றே திரும்பியிருந்தாலும் பிளேர் இடம் மாறியிருக்கும், கன்னத்தின் அதே பகுதி இன்னொரு படத்தில் சுத்தமாக இருக்கும். அதிலிருந்து நகக்கண் அளவு எடுத்து வைப்பது, அதே கன்னத்தின் வேறு இடத்திலிருந்து எடுப்பதைவிடப் பல மடங்கு நல்லது. சேலைக் கரையில் என்றால், நெசவில் அதே பூவோ கொடியோ மறுபடி வரும் இடத்திலிருந்து, இழையின் திசையைப் பொருத்தி எடுக்கலாம்.

ஒரு சானல் மட்டும் முட்டியிருந்தால், மற்ற இரண்டிலும் நுணுக்கம் உயிரோடு இருக்கிறது. அப்போது அந்த இடத்தின் நுணுக்கத்தைத் தொடாமல் நிறத்தை மட்டும் அருகிலிருந்து கொண்டுவாருங்கள்: நிறத்தை மட்டும் மாற்றும் கலர் மோடில் ஒரு லேயர் வைத்து, பக்கத்துச் சருமத்தின் நிறத்தை மெல்லப் பூசினால் போதும்.

இந்த வரிசையில் நான் ஏன் பிடிவாதமாக இருக்கிறேன் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. வேலை பழகிய காலத்தில் இதேபோன்ற ஒரு வட்டத்தை ஹீலிங் பிரஷ்ஷால் எடுத்தேன். சுத்தமாக வந்தது, அச்சுக்கும் அனுப்பிவிட்டேன். ஆல்பம் வாங்க வந்த மணப்பெண்ணின் தாய் அந்தப் பக்கத்தில் நின்றுவிட்டார். மகளின் தாடை ஓரத்தில் பிறந்ததிலிருந்து இருந்த மச்சம் அதில் இல்லை. அது எனக்குத் தெரிந்திருக்க வழியில்லை, பச்சைக்கு அடியில் அது மங்கிக் கிடந்தது. கழித்திருந்தால் தானாகவே வெளியே வந்திருக்கும். அந்தப் பக்கத்தை மீண்டும் அச்சிட்டுக் கொடுத்தேன்.

கழித்த இடத்தில் மிஞ்சும் ஒரு குறையையும் சொல்ல வேண்டும். கூடிய ஒளியைக் கழிக்கலாம், அதனோடு சேர்ந்து வந்த நாய்ஸைக் கழிக்க முடியாது. ஒளி எங்கே கூடினாலும் அதன் ஏற்ற இறக்கமும் கூடும். கன்னத்தில் இது தெரியாது. கூந்தலில், சொந்த ஒளி 0.01 மட்டுமே இருந்த இடத்தில் 0.07 வந்து போயிருக்கிறது. கழித்த பிறகு அங்கே நிறப் புள்ளிகள் சுற்றுப்புறத்தைவிட அதிகமாகத் தெரியும். அதே வட்ட வடிவத்தை மாஸ்க்காக வைத்து, நிற நாய்ஸை மட்டும் குறையுங்கள். ஒளிர்வின் நாய்ஸைத் தொட்டால் முடி இழைகள் ஒட்டிக்கொள்ளும். இவையெல்லாம் முடிந்த பிறகு லேயர்களை ஒன்றாக்கி, டோன் கர்வையும் கூர்மையையும் படம் முழுவதற்கும் ஒரே நேரத்தில் போடுங்கள்.

ரா கோப்பு இல்லாமல் ஜேபெக் மட்டும் வைத்திருப்பவர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் ஒரு வார்த்தை. கேமராவின் டோன் கர்வ் அதில் ஏற்கெனவே சுட்டுவைக்கப்பட்டிருக்கும், ஆகவே ஒரே நிறம் இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் சரியாகப் பொருந்தாது. கூந்தலுக்கு ஒரு லேயர், கன்னத்துக்கு ஒரு லேயர் என்று தனித்தனியாக அளந்து கழித்தால் ஓரளவு நெருங்கலாம். ஜேபெக்கில் நிறம் பெரும்பாலும் ஒளிர்வைவிடக் குறைந்த நுணுக்கத்தில் சேமிக்கப்படுவதால் பிளேரின் பச்சை விளிம்புக்கு வெளியே சில பிக்சல்கள் கசிந்திருக்கும். அதைக் கலர் மோடில் பூசித்தான் எடுக்க வேண்டும். பல படங்களைச் சேர்த்து ஒன்றாக்கும் கைபேசிப் படங்களில் இடத்துக்கு இடம் கர்வ் மாறியிருக்கும். அங்கே இந்தக் கணக்கு நம்பகமாக நிற்காது.

உங்களிடம் ரா இருக்கிறது, கூந்தல் அளப்பதற்கு வசதியாக விழுந்திருக்கிறது. முதலில் கூந்தலில் ஒரு சோடி, கன்னத்தில் ஒரு சோடி அளந்து, அந்த நான்கு நிறங்களையும் எழுதி அனுப்புங்கள். கழிக்க வேண்டிய நிறத்தைக் கணக்கிட்டுச் சொல்கிறேன்.